வாழ்த்து போகும் முன் வேலை முடியட்டும்

2025-ஆம் ஆண்டு மார்ச் 31, திங்கட்கிழமை. நிதியாண்டின் கடைசி நாள் என்பதால் கணக்கு பார்க்கும் அலுவலகங்களில் அன்றைக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. தமிழ்நாட்டில் ரம்ஜான் பெருநாளும் அதே நாளில்தான் வந்தது. இப்படி ஒரு நாளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு, பிறையும் விளக்கும் போட்ட ஒரு படம் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து துணி வியாபாரியின் வாட்ஸ்அப்புக்குப் போகிறது. பதினொரு மணிக்கு அதே எண்ணிலிருந்து போன்: "பாய், அந்த ரெண்டு பில் இன்னும் வரலையே, இன்னைக்கே வேணுமே." தொழுகை முடித்து, குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்த மனிதர் எழுந்துபோய்க் கடைச்சாவியைத் தேடுகிறார். காலையில் வந்த படம் அவருக்கு என்ன சொல்லியிருக்கும்?

தொழில் செய்பவர்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் பண்டிகை வாழ்த்து பெரும்பாலும் இப்படித்தான் வீணாகிறது. அழகான வாசகம் தேடிக் கண்டுபிடித்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், வாசகம் கடைசி வேலை. அந்த நாள் அவருக்கு எப்படிப்பட்ட நாள் என்று தெரிந்துகொள்வதும், நம்மால் அந்த நாள் கெடாமல் பார்த்துக்கொள்வதும்தான் முதல் வேலை. இரண்டும் நடந்துவிட்டால் நான்கு வரி தானாகவே வரும். நடக்காவிட்டால் எத்தனை வரி எழுதினாலும் அது வெறும் படம்தான்.

பல மதத்தவரும் வாடிக்கையாளராக இருக்கும் தொழில் என்றால் சிறு நகரத்து ஜிஎஸ்டி, வருமானவரி ஆலோசனை அலுவலகம் நல்ல உதாரணம். ஈரோட்டில் அறுபது வாடிக்கையாளர்கள் கொண்ட ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கனி மார்க்கெட்டில் லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் பாய், சென்னிமலைப் போர்வை விற்கும் ஒருவர், அச்சகம் நடத்தும் கிறிஸ்தவப் பெண்மணி, பைப் வியாபாரம் செய்யும் ஜைனர், பேக்கரி வைத்திருக்கும் மலையாளி என்று எல்லோரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

முன்னனுப்பிய செய்தி எதைக் காட்டிக்கொடுக்கிறது

வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே தள்ளிவிட்டால், மேலே சின்ன அம்புக்குறியோடு Forwarded என்று வரும். 2018 முதல் இருக்கும் அடையாளம் இது. ஐந்து பேருக்கு மேல் கைமாறி வந்த செய்தி என்றால் இரட்டை அம்புக்குறியும் Forwarded many times என்ற சொற்களும் வரும். உங்கள் வாடிக்கையாளர் வாழ்த்தைப் படிக்கும் முன் அந்த அடையாளத்தைத்தான் படிக்கிறார். யாருக்காகவோ யாரோ செய்தது என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

படத்தில் வேறு சிக்கலும் உண்டு. மூலையில் இன்னொரு ஊர் நகைக்கடையின் பெயரும் போன் நம்பரும் இருக்கும். நோன்புப் பெருநாள் வாழ்த்தில் கஅபா படம் இருக்கும். அது ஹஜ்ஜோடு சேர்ந்தது. அரபி எழுத்து பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். விநாயகர் படமும் ஸ்லோகமும் போட்ட சதுர்த்தி வாழ்த்து, மொத்தமாகத் தட்டிவிட்டதில் பள்ளிவாசல் தலைவருக்கும் போயிருக்கும். நமக்குத் தெரியாத சமயத்தின் படத்தையோ எழுத்தையோ சரிபார்க்க நம்மால் முடியாது. ஆகவே படம் வேண்டாம், வெறும் சொற்களே போதும். இந்த ஒரு முடிவிலேயே பாதித் தவறுகள் நின்றுவிடும்.

பட்டியலில் புதிதாக ஒரு பத்தி

அலுவலகத்தில் வாடிக்கையாளர் பட்டியல் கட்டாயம் இருக்கும்: பெயர், ஜிஎஸ்டி எண், பான், கைப்பேசி. அதில் 'கொண்டாடும் நாள்' என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். மதம் என்று எழுத வேண்டாம். மதத்தைக் குறித்து வைப்பது நம் வேலை இல்லை. எந்த நாளில் அவர் வீட்டில் விசேஷம் என்பது மட்டும் நமக்குப் போதும்.

பெயரை வைத்து ஊகித்து இந்தப் பத்தியை நிரப்பக் கூடாது. செல்வராஜ், ராணி, பாலன் என்ற பெயர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, இந்துக்களும் உண்டு. ஜைனர்களில் வடநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும் இருக்கிறார்கள். பல நூற்றாண்டுகளாக இந்த மண்ணில் வாழும் தமிழ்ச் சமணர்களும் இருக்கிறார்கள். கிறிஸ்தவர்களிலேயே சில சபையினர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. மீலாது நபியைக் கொண்டாடும் முஸ்லிம்களும் உண்டு, கூடாது என்பவர்களும் உண்டு. மலையாளி என்றதும் ஓணம் என்று எழுதிவிடலாம், ஆனால் அவர் வீட்டில் கிறிஸ்துமஸும் பெரிதாக இருக்கலாம்.

பிறகு எப்படி நிரப்புவது? பாதி விவரம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. எந்த நாளில் அவர் கடை அடைத்திருந்தது, எந்தப் பண்டிகைக்கு அவர் நமக்கு இனிப்போ பிரியாணியோ கேக்கோ கொடுத்தனுப்பினார், எந்த மாதத்தில் ஊழியர்களுக்குப் போனஸ் கணக்கு எழுதினோம் என்று பார்த்தாலே பலருக்கு விடை கிடைக்கும். மீதிப் பேரிடம் நேரில் வரும்போது கேட்டுவிடலாம். "உங்க வீட்டு விசேஷ நாள்ல நாங்க போன் பண்ணித் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு குறிச்சு வைக்கிறோம். எந்தெந்த நாளுங்கய்யா?" என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சிலர், "எனக்குப் பண்டிகையெல்லாம் கிடையாது" என்பார்கள். பகுத்தறிவு வழியில் நிற்பவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்களில் பலருக்குப் பொங்கல் உண்டு. அதுவும் இல்லை என்றால் பத்தியில் ஒரு கோடு போட்டுவிட்டு, ஏப்ரல் முதல் வாரத்தில் புதிய நிதியாண்டுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எல்லா நாளும் கொண்டாட்ட நாள் இல்லை

காலண்டரில் சிவப்பு எழுத்தில் இருப்பதையெல்லாம் வாழ்த்து நாளாக எடுத்துக்கொள்வதால் வரும் தவறுகள்தான் மனத்தை அதிகம் புண்படுத்துகின்றன. புனித வெள்ளி, ஏசு சிலுவையில் அறையப்பட்ட நாள். அன்று பலர் உபவாசம் இருப்பார்கள். பகல் முழுக்க ஆலயத்தில் தியானம் நடக்கும். அன்றைக்கு "இனிய புனித வெள்ளி வாழ்த்துகள்" என்று போனால் படிப்பவர் என்ன செய்வார்? அன்று எதுவும் அனுப்ப வேண்டாம். இரண்டு நாள் கழித்து வரும் ஈஸ்டர்தான் மகிழ்ச்சியின் நாள்.

மொஹரமும் அப்படித்தான். இஸ்லாமிய ஆண்டு அந்த மாதத்தில் தொடங்குகிறது. ஆனால் அரசு விடுமுறை விடுவது அதன் பத்தாம் நாளுக்கு. ஷியா முஸ்லிம்களுக்கு அது கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட துக்க நாள். சன்னி முஸ்லிம்களில் பலர் அன்று நோன்பு வைக்கிறார்கள். எவருக்கும் அது வாழ்த்துச் சொல்லும் நாள் இல்லை.

ஜைனர்களின் பர்யூஷண நாட்கள் இன்னொரு வகை. ஸ்வேதாம்பரருக்கு எட்டு நாள், திகம்பரருக்குப் பத்து நாள். விரதமும் கட்டுப்பாடும் நிறைந்த அந்த நாட்களின் முடிவில், தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுக்கு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார்கள். 'மிச்சாமி துக்கடம்' என்று உங்கள் பைப் வியாபாரியிடமிருந்து செய்தி வந்தால், "ஹேப்பி" என்று தொடங்கும் எதையும் பதிலாக அனுப்பக் கூடாது. அவர் கேட்பது மன்னிப்பு. "எங்கள் பக்கம் ஏதாவது குறை இருந்திருந்தால் நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பதே தகுந்த பதில். சென்ற வருடம் நம் அலுவலகத்தில் அவருக்கு உண்மையிலேயே ஒரு தாமதம் ஆகியிருந்தால், அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது.

2025-இல் மூன்று நாட்கள்

இனி வேலைக்கு வருவோம். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கில் மூன்று தேதிகள் முக்கியம். 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் தாக்கலாக வேண்டும். 14-ஆம் தேதி கொள்முதல் வரவு விவரம் தளத்தில் தானாக உருவாகும். 20-ஆம் தேதிக்குள் வரி கட்டி மாதக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆக, கடைசி வேலைக்குக் கையில் இருப்பது ஆறேழு நாட்கள்தான். பண்டிகை அந்த இடைவெளிக்குள் வந்து விழுந்தால், வாழ்த்தும் அலுவலகத்தின் நெருக்கடியும் மோதிக்கொள்ளும். 2025-இல் இது மூன்று மதத்தவருக்கும் நடந்தது.

ரம்ஜான் பெருநாள் நிதியாண்டின் கடைசி நாளில் வந்ததைப் பார்த்தோம். இஸ்லாமிய ஆண்டு ஏறக்குறைய 354 நாள் என்பதால் பெருநாள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னே வரும். அந்த ஆண்டு அது மார்ச் கடைசியில் வரும் என்பது முந்தைய வருடமே தெரிந்த விஷயம். ஆகவே மார்ச் முதல் வாரத்திலேயே பட்டியலைப் பார்த்து, பெருநாள் குறித்திருப்பவர்களின் கோப்புகளை முதலில் எடுத்து, 29-ஆம் தேதி சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டியிருந்தது. அது முழுக்க நோன்பு மாதம். பில் கேட்டு அழைப்பதென்றால் காலை பத்து மணிவாக்கில் அழைக்கலாம். மாலை ஆறு முதல் நோன்பு திறந்து தொழுகை முடியும் வரை அழைக்கவே கூடாது. அப்படி முடித்த அலுவலகம் பெருநாள் காலையில் இப்படி எழுத முடியும்:

"பாய், உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் பெருநாள் வாழ்த்துகள். நோன்போடு இருந்தும் கேட்ட பில்களையெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்தீர்கள். அதனால்தான் மார்ச் வேலை சனிக்கிழமையே முடிந்தது. இன்றும் நாளையும் எங்களிடமிருந்து அழைப்பு வராது. நிம்மதியாகக் கொண்டாடுங்கள்."

இதை வேறு யாருக்கும் முன்னனுப்ப முடியாது. அவர் செய்த ஒரு காரியம் இதில் இருக்கிறது, நாம் செய்த ஒரு காரியமும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

அடுத்தது ஈஸ்டர். அது 2025-இல் ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை. மாதக் கணக்கின் கடைசி நாளும் அதுவே. 18-ஆம் தேதி புனித வெள்ளி, 17 பெரிய வியாழன், அன்று மாலை ஆலயத்தில் வழிபாடு. இந்தப் பக்கம் 14-ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டு விடுமுறை. அச்சகம் நடத்தும் அம்மையாரின் கணக்கை அவரைத் தொந்தரவு செய்யாமல் முடிக்க, 15, 16 என்று இரண்டே நாள்தான் மீதி. கொள்முதல் பில்களை மாதத்தின் முதல் வாரமே வாங்கி வைத்திருந்தால் அந்த இரண்டு நாள் போதும், இல்லாவிட்டால் போதாது. புதன்கிழமை முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை எதுவும் பேசாமல் இருந்து, ஞாயிறு முற்பகல் எழுதலாம்: "அம்மா, உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஈஸ்டர் வாழ்த்துகள். மார்ச் மாதக் கணக்கு புதன்கிழமையே தாக்கலாகிவிட்டது. பரீட்சை சீசன் அச்சு வேலைக்கு நடுவிலும் பில்களை முதல் வாரமே அனுப்பி வைத்ததற்கு நன்றி." இங்கே கிறிஸ்தவ வாசகங்களைத் தேடிச் சேர்க்க வேண்டியதில்லை. அவரவர் விசுவாசத்தின் சொற்களை அவரவர் சொல்வதே பொருத்தம். நாம் நம் குரலில் பேசினால் போதும்.

மூன்றாவது தீபாவளி. அது அக்டோபர் 20, திங்கட்கிழமை. மறுபடியும் கடைசித் தேதி. அரசு கடைசி நேரத்தில் 25-ஆம் தேதி வரை அவகாசம் கொடுத்தது. ஆனால் அவகாசம் வரும் என்று காத்திருந்த அலுவலகங்கள் பண்டிகைக்கு முந்தைய நாள் வரை வாடிக்கையாளரை விரட்டிக்கொண்டிருந்தன. போர்வை வியாபாரியின் நிலைமை வேறு. தீபாவளிக்கு முன் தறிக்காரர்களுக்குப் போனஸ், சரக்குக்குப் பணம் என்று கையிருப்பெல்லாம் வெளியே போயிருக்கும். அவருக்கு வரித்தொகை எவ்வளவு என்று 15-ஆம் தேதி சொல்லிவிடுவதுதான் பெரிய உதவி. 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை தாக்கல் முடிந்துவிட்டால், திங்கட்கிழமைக்கான வாழ்த்து தயார்.

வழக்கமாக அவருக்குப் போகும் முன்னனுப்பிய செய்தி இப்படி இருக்கும்: "தீமைகள் எரிந்து நன்மைகள் ஒளிர, தங்களுக்கும் தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் இதயங்கனிந்த தீபத் திருநாள் நல்வாழ்த்துகள்!" இதில் தப்பு ஒன்றும் இல்லை, அவரும் இல்லை, நாமும் இல்லை. மாற்றி எழுதியது இது:

"ஐயா, வணக்கம். உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள். செப்டம்பர் கணக்கு வெள்ளிக்கிழமையே தாக்கலாகிவிட்டது, ரசீதும் அன்றே அனுப்பிவிட்டோம். வியாழக்கிழமை வரை எங்களிடமிருந்து எந்தத் தொந்தரவும் இருக்காது. சீசன் முழுக்க ராப்பகலாகத் தறி ஓட்டிய உங்கள் ஆட்களுக்கும் எங்கள் வாழ்த்தைச் சொல்லுங்கள்."

வாழ்த்துக்குள் தொழில் பேச்சு வரலாமா என்று கேட்கலாம். கொடுத்ததைச் சொல்லலாம், கேட்பது கூடாது என்பதே அளவு. வேலை முடிந்தது என்பது அவர் மனத்தில் இருக்கும் ஒரு பாரத்தை இறக்குகிறது. "பீஸ் பாக்கி இருக்கிறது", "எங்களின் புதிய சேவைகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்பதெல்லாம் பாரத்தை ஏற்றுகின்றன. அப்படி ஒரு வரி சேர்ந்தால், மேலே உள்ள வாழ்த்து அந்த வரிக்கான முன்னுரை ஆகிவிடும். பாக்கியைக் கேட்க வேண்டுமென்றால் ஒரு வாரம் கழித்துத் தனியாகக் கேட்பதே கௌரவம்.

எந்த நேரத்தில், எந்த வழியில்

பிறை பார்த்த பிறகே பெருநாள் உறுதியாகும். மாதம் 29 நாளிலும் முடியலாம், 30 நாளிலும் முடியலாம். தலைமை காஜியின் அறிவிப்பு இரவில் வரும். சில அமைப்பினர் சவுதி அரேபியாவின் பிறையைப் பின்பற்றி ஒரு நாள் முன்னதாகவே கொண்டாடுவார்கள். அவர்கள் யார் என்றும் அதே பத்தியில் குறித்துக்கொள்ள வேண்டும். அச்சடித்த காலண்டரைப் பார்த்து முன்கூட்டியே நேரம் குறித்து அனுப்பிவிட்டால், நோன்பு வைத்திருப்பவருக்குப் பெருநாள் வாழ்த்து போய்ச் சேரும். கிறிஸ்துமஸுக்கு நள்ளிரவு ஆராதனை முடிந்து வந்து தூங்குபவர்கள் பலர். 25-ஆம் தேதி முற்பகல் பத்து மணி நல்ல நேரம். தீபாவளிக்கு விடியற்காலை எண்ணெய்க் குளியல், பூஜை, பட்டாசு எல்லாம் முடிந்து ஒன்பது மணிக்கு மேல் அனுப்பலாம்.

வாடிக்கையாளர்களையெல்லாம் ஒரு குழுவில் சேர்த்து வாழ்த்து போடுவது கூடவே கூடாது. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிந்துவிடும். போட்டி வியாபாரிகள் இருவரும் நம்மிடமே கணக்கு கொடுக்கிறார்கள் என்பதும் வெளியே வந்துவிடும். வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆளுக்குத் தனியாகப் போவது போலவே போகும். ஆனால் நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது சேரும். எல்லோருக்கும் ஒரே செய்தி என்பதால், மேலே சொன்ன வகை வாழ்த்துக்கு அது உதவாது.

அறுபது பேரில் ஒரு பண்டிகைக்கு எட்டுப் பத்துப் பேர்தான் வருவார்கள். தீபாவளிக்கு மட்டும் முப்பதைத் தாண்டலாம். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால், பெரிய பண்டிகைக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வேலை தாக்கலாகும் அன்றே கோப்பைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் எளிது. அறுநூறு வாடிக்கையாளர் உள்ள இடத்தில் இது நடக்காது. அங்கே அந்தந்தக் கோப்பைப் பார்க்கும் ஊழியரே தம் பெயரில் எழுதட்டும். அதுவும் முடியாவிட்டால், பெயர் சொல்லி, நாளைச் சொல்லி, ஒரே வரியில் வாழ்த்தினால் போதும். தெரியாததைத் தெரிந்தது போல எழுதுவதைவிட அது நேர்மையானது.

பண்டிகை இல்லாத வீடு

பட்டியலில் இன்னொரு குறிப்பும் வேண்டும். வருடா வருடம் மாறும் குறிப்பு அது. வீட்டில் ஒரு மரணம் நேர்ந்த ஆண்டில் பல இந்துக் குடும்பங்கள் பண்டிகை கொண்டாடுவதில்லை. அந்த வருடம் அவர்களுக்குத் தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. தகப்பனார் இறந்த செய்தி நம் அலுவலகத்துக்குக் கட்டாயம் வந்திருக்கும். வாரிசுச் சான்றிதழும் வங்கிக் கணக்கு மாற்றமும் நம் கை வழியாகவே போயிருக்கும். அப்படியிருந்தும் அக்டோபரில் அதே வீட்டுக்கு மத்தாப்புப் படம் போனால், கோப்பைப் பார்த்தவர் மனிதரைப் பார்க்கவில்லை என்றே அர்த்தமாகும்.

அந்த வீட்டுக்கு வாழ்த்து வேண்டாம், ஆனால் மௌனமும் வேண்டாம். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு, கணக்கு பற்றிப் பேசாமல், ஒரு போன் செய்து, "வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீங்க? அம்மாவுக்கு உடம்பு பரவாயில்லையா?" என்று கேட்கலாம். அவர் கணக்கையும் மற்றவர்களுடையதைப் போலவே முன்கூட்டி முடித்துவிடலாம். தலை தீபாவளி வரும் வீட்டைக் குறித்து வைக்கும் அதே பத்தியில் இதையும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் தேவைப்படுவது ஒரே கவனம்தான்.

பெரும்பாலான அலுவலகங்களில் இந்தப் பத்தி இன்னும் காலியாக இருக்கிறது. அதை நிரப்பத் தனி நாள் ஒதுக்க வேண்டியதில்லை. இந்த மாதம் பில் கட்டோடு வரும் முதல் ஆளிடமே அந்தக் கேள்வியைக் கேட்டு, அவர் சொல்லும் நாளை வரித் தேதிக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டால், அவருக்கான வாழ்த்து வேலை அன்றே தொடங்கிவிட்டது.